‘5,000 போட்டா 1 கோடி’: தலைப்புல எதை மறைக்கிறீங்க?

வேலைக்குப் போய்க்கிட்டே சேனலும் நடத்துறீங்களா? எஸ்.ஐ.பி. வீடியோவுக்கு ‘மாசம் 5,000 போட்டா 1 கோடி!’ன்னு தலைப்பு வெச்சா கிளிக் வரும். கணக்கும் பொய் இல்ல. ஆனா வருஷத்துக்கு 12% வருமானம் வந்தாலே அதுக்கு சுமார் 26 வருஷம் ஆகும். அந்த 26-ஐ மறைக்கிறதுதான் ஏமாத்து வேலை.

அதையே ‘மாசம் 5,000, 26 வருஷத்துல 1 கோடி: அன்னைக்கு அது போதுமா?’ன்னு மாத்துங்க. ஆர்வம் குறையாது, காத்திருக்கணும்னும் புரிஞ்சிடும். விலைவாசி வருஷம் 6% ஏறினா, அந்த 1 கோடியோட இன்றைய மதிப்பு வெறும் 22 லட்சம். தம்ப்நெயில்ல ‘இன்றைய மதிப்பு 22 லட்சம்?’னு மட்டும் பெருசா போடுங்க. வலது கீழ் மூலையில மட்டும் எழுதாதீங்க. வீடியோ நேரம் வந்து மறைச்சிடும் (இதைப் பலர் கவனிக்கிறதே இல்ல). 12%, 6% ரெண்டுமே அனுமானம்தான்னு வீடியோ தொடக்கத்துலயே சொல்லிடுங்க.

தலைப்பு ஏமாத்துதான்னு எப்படித் தெரியும்? யூடியூப் ஸ்டுடியோவுல கிளிக் விகிதம் நல்லா இருக்கும். ஆனா பார்வையாளர் தக்கவைப்பு வரைபடம் முதல் 30 விநாடியிலேயே சரிஞ்சிருக்கும். தலைப்பு சொன்னதை அந்த 30 விநாடியில நீங்க பேசியிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க. பேசியும் சரியுதுன்னா, தலைப்பை மாத்துங்க.