சராசரிக்குத் திரும்பாத பங்கு

ஒரு பங்கின் 20 நாள் சராசரி விலை 500 ரூபாய். அந்த 20 நாள்களில் விலை சராசரியைச் சுற்றி ஏறி இறங்கிய அளவு, அதாவது திட்ட விலக்கம், 10 ரூபாய். இன்று விலை 478. சராசரிக்கு 22 ரூபாய் கீழே. அதைப் பத்தால் வகுத்தால் இசட் ஸ்கோர் -2.2. இது -2-க்குக் கீழே போனால் வாங்கு, பூஜ்ஜியத்துக்குத் திரும்பினால் விற்றுவிடு என்பதுதான் இந்த உத்தி. வாங்குவது சுலபம். வில்லங்கம் வெளியேறுவதில் இருக்கிறது.

பலரும் இசட் -3-ஐத் தொட்டால் நஷ்டத்தோடு விற்றுவிடலாம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 478-க்கு வாங்கிய பங்கு தினமும் 2 ரூபாய் வீதம் நிதானமாகச் சரிகிறது என்று வையுங்கள். 20 நாளில் விலை 438. சராசரியும் கூடவே இறங்கி 457-க்கு வந்திருக்கும். திட்ட விலக்கம் சுமார் 11.5. கணக்குப் போட்டால் இசட் -1.65தான். 40 ரூபாய் போய்விட்டது, ஆனால் வாங்கிய நாளைவிட நிலைமை தேறிவிட்டதாக எண் சொல்கிறது! அப்புறம் விலை 438-லேயே தங்கிவிட்டால், இன்னும் சில வாரங்களில் சராசரியும் அங்கே இறங்கிவரும். இசட் பூஜ்ஜியத்தைத் தொடும். விதிப்படி இலக்கு எட்டியாயிற்று. கணக்கில் மட்டும் நஷ்டம். விலை சராசரியிடம் போகவில்லை, சராசரிதான் விலையிடம் வந்தது.

அதனால் ஸ்டாப் லாஸை ரூபாயில், வாங்கும் அன்றே குறித்துவிட வேண்டும். அன்றைய சராசரி 500, விலக்கம் 10 இரண்டையும் உறையவைத்து, மூன்றரை விலக்கம் கீழே, 465 என்று. மேலே சொன்ன சரிவில் ஏழாம் நாளே வெளியே வந்திருக்கலாம். கூடவே ஒரு நாள்கெடுவும் தேவை. அந்தப் பங்கு பழைய தரவில் சராசரிக்குத் திரும்ப வழக்கமாக ஐந்து நாள் எடுத்திருந்தால், பத்து நாளில் திரும்பாதபோது விற்றுவிடுவதே சரி. விற்றபின் இசட் இன்னும் -2-க்குக் கீழேயே இருந்தால், மறுநாளே அதே விதி மறுபடி வாங்கச் சொல்லும். எனவே அது ஒருமுறை -1-க்கு மேல் ஏறிவரும்வரை அந்தப் பங்கைத் தொடக்கூடாது என்றும் எழுதிவைக்க வேண்டும்.

இத்தனைக்கும் அடங்காத நாளும் உண்டு. 2018 செப்டம்பர் 21 அன்று யெஸ் வங்கிப் பங்கு ஒரே நாளில் சுமார் 29 சதவீதம் விழுந்தது. தலைமை நிர்வாகியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியதுதான் காரணம். விலை பழைய சராசரிக்குத் திரும்பவே இல்லை. சந்தை திறக்கும்போதே ஸ்டாப் லாஸைத் தாண்டி விலை விழுந்தால், கிடைக்கும் விலைக்குத்தான் விற்க முடியும். அங்கே காப்பாற்றுவது வெளியேறும் விதி அல்ல, ஒரே பங்கில் எவ்வளவு பணம் போட்டோம் என்பதுதான்.