காணாமல் போன ஒன்பது

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டோக்கன் எண்ணுக்கு மதிப்பில்லை. காய்ச்சல்காரர் காலையிலிருந்தே காத்திருந்தாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இப்போது வந்தவர்தான் முதலில் உள்ளே போவார். கணினி நிரல்களுக்கும் இப்படியொரு முன்னுரிமை வரிசை தேவைப்படுகிறது. சிறிய எண்ணுக்கு அவசரம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம்.

எண்களை ஏறுவரிசையில் அடுக்கி வைத்தால் மிகச் சிறியது உடனே கைக்கு வரும். ஆனால் புதிதாக ஒன்று நுழையும்போதெல்லாம் மற்றவற்றை நகர்த்தியாக வேண்டும். 1964-ல் ஜே.டபிள்யூ.ஜே. வில்லியம்ஸ் வெளியிட்ட ‘ஹீப்’ முறை, முழுதாக அடுக்கும் வேலையையே விட்டுவிட்டது. அதில் விதி ஒன்றே ஒன்று: பிள்ளை எண் தன் தாய் எண்ணைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அண்ணன் தம்பிகளுக்குள் யார் பெரியவர் என்ற கேள்வியே கிடையாது.

இந்தக் குடும்ப மரத்தைச் சி மொழியில் ஒரே ஓர் அணியில் வைத்துவிடலாம். பெட்டிகளுக்கு 0, 1, 2 என்று எண் போடுங்கள். i-ஆம் பெட்டியின் இடது பிள்ளை 2i+1-லும், வலது பிள்ளை 2i+2-லும் இருக்கும். யார் யாருக்குப் பிள்ளை என்று தனியாக எழுதி வைக்க வேண்டியதில்லை.

இப்போது 2, 5, 3, 9, 6, 8, 4 என்று ஏழு எண்கள் இருக்கின்றன. 2-ஐ எடுத்துவிடுகிறோம். காலியான உச்சிக்குக் கடைசியில் இருந்த 4-ஐக் கொண்டுவருகிறோம், எண்ணிக்கை ஆறாகிறது. 4-க்குக் கீழே 5-ம் 3-ம். இரண்டில் சிறியதான 3-ஓடு இடம் மாறுகிறது. புதிய இடத்தில் அதற்குக் கீழே 8 மட்டும் இருக்கிறது, அது பெரியது; 4 அங்கேயே நின்றுவிடுகிறது. விடை 3, 5, 4, 9, 6, 8. இந்த இறங்குமுகத்தைச் செய்யும் நிரல் இவ்வளவுதான்:

```c
void sift_down(int *a, int n, int i)
{
    int c, t;
    while ((c = 2*i + 1) < n) {
        if (c + 1 < n && a[c+1] < a[c])
            c++;
        if (a[i] <= a[c])
            break;
        t = a[i]; a[i] = a[c]; a[c] = t;
        i = c;
    }
}
```

இதில் `c + 1 < n` என்ற துண்டைக் கவனியுங்கள். வலது பிள்ளை உண்மையிலேயே இருக்கிறதா என்று அது கேட்கிறது. நான் ஒருமுறை இதை எழுத மறந்தேன். வேடிக்கை என்னவென்றால், எண்களை எடுக்கும் சோதனைகள் எல்லாமே சரியான விடை தந்தன.

காரணம் இது. மேலே 4-ஐ உச்சிக்கு நகர்த்தியபோது 6-ஆம் பெட்டியில் அதன் பழைய நகல் அழியாமல் கிடக்கிறது. இல்லாத வலது பிள்ளையை நிரல் தேடிப் போனால் அங்கே அகப்படுவது அந்த நகல்தான். 4 தன் நிழலோடு தன்னையே ஒப்பிட்டுப் பார்க்கிறது; நிழல் ஒருபோதும் அதைவிடச் சிறியதாக இருக்காது. பிழை இருந்தும் கேடு இல்லை.

கேடு வேறு வாசல் வழியாக வந்தது. அதே 1964-ல் ராபர்ட் ஃபிளாய்ட் காட்டிய வழிப்படி, தாறுமாறான அணியைக் கீழிருந்து மேலாக ஹீப்பாக்க முனைந்தேன்:

```c
for (i = n/2 - 1; i >= 0; i--)
    sift_down(a, n, i);
```

9, 5, 4, 7, 6, 8 என்ற ஆறு எண்கள். `calloc` எட்டுப் பெட்டிகள் தந்திருந்தது, மிச்சம் இரண்டிலும் 0. வேலை 2-ஆம் பெட்டியில் தொடங்குகிறது. அங்கே இருக்கும் 4-க்கு வலது பிள்ளை இல்லை. ஆனால் நிரல் 6-ஆம் பெட்டியின் 0-வைப் பிள்ளை என்று நினைத்து இடம் மாற்றிவிட்டது. 4 எல்லைக்கு வெளியே போனது. பிறகு உச்சியிலிருந்த 9, 0-வோடு மாறி 2-ஆம் பெட்டிக்கு இறங்கி, வெளியே கிடந்த 4-ஐ உள்ளே இழுத்துத் தான் வெளியேறியது. முடிவில் கிடைத்தது 0, 5, 4, 7, 6, 8. யாரும் போடாத 0 உச்சியில் உட்கார்ந்திருக்க, 9 எங்கோ போய்விட்டது.

இந்த அணியில் எந்தத் தாயும் பிள்ளையைவிடப் பெரிதில்லை. ஆகவே விதியை மட்டும் சரிபார்க்கும் சோதனை இதற்கு நல்ல சான்றிதழே கொடுக்கும். `-fsanitize=address` போட்டுத் தொகுத்தாலும் சத்தம் வராது, ஏனென்றால் 6-ஆம் பெட்டியும் நாம் கேட்டு வாங்கிய நினைவகத்துக்குள்தான் இருக்கிறது. சரியாக ஆறு பெட்டிகள் மட்டும் வாங்கியிருந்தால் அது உடனே கத்தியிருக்கும்.

சோதிக்கும்போது எண்களை ஒவ்வொன்றாக எடுத்து முடித்து, `qsort` அடுக்கித் தந்த அதே எண்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4-ல் தொடங்கி 9-ல் முடிய வேண்டியது 0-வில் தொடங்கி 8-ல் முடிந்தால், `sift_down`-ஐத் திறந்து `c + 1 < n` இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.