பணம் கட்டியவர் யார், பொது டிக்கெட் எது?

நியூ ஜெர்சியில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், கணக்குப் பிரிவில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர் என் மேசைக்கு வந்து கேட்டார்: "பவர்பால் குழுவில் சேருகிறீர்களா? வாரம் ஆறு டாலர். ஆனால் முதலில் நான் அனுப்பும் விதிகளைப் படியுங்கள்." அன்று மாலை வந்த அவருடைய செய்தி இரண்டு பக்க நீளம் இருந்தது. ஆறு டாலருக்கு இரண்டு பக்கமா என்று வியந்தேன். குழுவில் இருந்த மூன்று ஆண்டுகளில் அதன் ஒவ்வொரு வரியும் எதற்காக என்று புரிந்தது.

தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டதால், இருபது வயதுக்காரர்கள் பலர் லாட்டரிக் கடையைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் அது மாநில அரசுகளே நடத்தும் விஷயம். பவர்பால் டிக்கெட்டில் ஒரு வரி இரண்டு டாலர். 69 எண்களில் ஐந்தும், 26 எண்களில் தனியாக ஒரு சிவப்புப் பந்தும் பொருந்தினால் முதல் பரிசு. அதற்கான வாய்ப்பு 29,22,01,338-இல் ஒன்று. திங்கள், புதன், சனி என வாரம் மூன்று குலுக்கல். அலுவலகங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் காசு சேர்த்து டிக்கெட் வாங்கி, விழுந்தால் பங்கிட்டுக்கொள்வார்கள். இதற்கு 'பூல்' என்று பெயர். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வாரத்துக்கு 72 டாலர் சேரும். அதாவது 36 வரிகள், குலுக்கலுக்குப் பன்னிரண்டு. அப்படிப் பார்த்தாலும் முதல் பரிசு வாய்ப்பு இரண்டரைக் கோடியில் ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தப் பெண்மணி அதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார். "இது சேமிப்பு இல்லை. போனால் வருத்தப்படாத பணத்தை மட்டும் கொடுங்கள்."

அடுத்த பத்தியில் ஒரு வழக்கைச் சொல்லியிருந்தார். எங்கள் மாநிலத்திலேயே, எலிசபெத் நகரில் நடந்தது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஊழியர்கள் ஆறு பேர் சேர்ந்து லாட்டரி ஆடிவந்தார்கள். டிக்கெட் வாங்குவது அவர்களில் ஒருவர் பொறுப்பு. 2009 நவம்பரில் அவர் கையில் இருந்த மெகா மில்லியன்ஸ் டிக்கெட்டுக்கு 3 கோடியே 85 லட்சம் டாலர் விழுந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலில் அறுவைச் சிகிச்சை என்று சொல்லி வேலையிலிருந்து விலகினார். பிறகு விஷயம் வெளியே வந்தபோது, அது தன் சொந்தப் பணத்தில் தனக்காக வாங்கிய டிக்கெட் என்றார். மற்ற ஐவரும் வழக்குப் போட்டார்கள். 2012 மார்ச்சில் ஜூரி ஐவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மொத்தமாகப் பெற்ற ரொக்கம் வரிக்கு முன் 2 கோடியே 40 லட்சம். ஆறால் வகுத்தால் தலைக்கு 40 லட்சம் டாலர். நியாயம் கிடைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பல காலம் சேர்ந்து உழைத்தவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது.

வழக்கின் முடிச்சு எங்கே என்று பாருங்கள். பரிசை எப்படிப் பங்கிடுவது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் காகிதம் குழுவுடையதா, தனி ஆளுடையதா என்பதுதான் கேள்வி. லாட்டரி டிக்கெட்டில் பெயர் அச்சாவதில்லை. பின்பக்கம் கையெழுத்துப் போடும்வரை கையில் வைத்திருப்பவரே அதற்குச் சொந்தக்காரர் போலத்தான். குழுவுக்கு வாங்குகிறவரே தனக்கென்று ஒன்று வாங்கினால், கடையிலிருந்து வெளியே வரும்போது அவர் பையில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரிக் காகிதங்கள்.

எங்கள் அமைப்பாளர் எழுதிய விதிகளின் முதுகெலும்பு இதற்கான விடைதான். திங்கள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் பணம் அவர் கைக்கு வர வேண்டும். ஒரு மணிக்குள் அந்த வாரம் கட்டியவர்களின் பட்டியல் எல்லோருக்கும் போகும். மாலை அவர் டிக்கெட் வாங்குவார். ஒரு டிக்கெட்டில் ஐந்து வரிகள் வரை அச்சாகும் என்பதால், மூன்று குலுக்கலுக்கும் சேர்த்து வாங்கினால் மூன்று காகிதங்கள். பின்பக்கம் குழுவின் பெயரை எழுதிக் கையெழுத்திடுவார். குலுக்கல் இரவு 10.59-க்கு. எட்டு மணிக்குள் மூன்று டிக்கெட்டுகளின் முன்பக்கமும் பின்பக்கமும், எண்களும் தேதியும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்துப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அனுப்புவார். "குலுக்கலுக்கு முன் படத்தில் வந்த டிக்கெட் எல்லாம் குழுவுடையது. படத்தில் வராதது எதுவும் குழுவுடையது அல்ல. எட்டு மணிக்குள் படம் வராவிட்டால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்." இந்த மூன்று வாக்கியங்கள் எங்களுக்கு எவ்வளவு பாதுகாப்போ, அதே அளவு அவருக்கும் பாதுகாப்பு. அவர் தனக்கென வாங்கிய டிக்கெட்டில் நாளை பரிசு விழுந்தாலும் யாரும் அவரைச் சந்தேகிக்க முடியாது.

ஊரில் எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்த ஓர் அக்காவை நினைத்துக்கொண்டேன். யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி, கட்டியவரிடமே கையெழுத்து வாங்குவார். சீட்டில் பணம் கண்ணுக்குத் தெரியும். மாதா மாதம் ஏலம் நடக்கும். லாட்டரிக் குழுவில் வாரக்கணக்கில் எதுவுமே நடக்காது. அதனால்தான் பட்டியல் அனுப்புவதை விட்டுவிடத் தோன்றும். தகராறு முளைப்பதும் அங்கேதான்.

பெரும்பாலான தகராறுகளின் மூலம் ஒரே சொற்றொடர்: "நாளைக்குத் தருகிறேன், எனக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்." விழாவிட்டால் அந்த ஆறு டாலரை யாரும் கேட்பதில்லை. விழுந்தால் அவரும் பங்காளி என்பார். எங்கள் விதி இதில் இரக்கமே காட்டவில்லை. பணம் வரவில்லையென்றால் பெயர் இல்லை. விடுமுறைக்குப் போகிறவர் முன்கூட்டியே கட்டலாம். வேறொருவர் அவருக்காகக் கட்டலாம். அதுவும் திங்கள் மதியத்துக்குள். எங்கள் நிறுவனத்தின் சென்னை அலுவலக நண்பர்கள் சிலரும் சேரக் கேட்டார்கள். அதற்கு அவரால் இசைய முடியவில்லை. இந்தியாவிலிருந்து லாட்டரி டிக்கெட் வாங்குவதற்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. "இந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர்கள் மட்டும்" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது.

சிறு பரிசு விஷயத்தில் அவர் காட்டிய நுணுக்கம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. பல குழுக்களில் "சின்னப் பரிசுக்கு மறுபடி டிக்கெட் வாங்கிவிடுவோம்" என்று வாய்ப்பேச்சாக முடித்துவிடுவார்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. ஒரு வாரம் எங்களில் ஒருவர் பணம் கட்டவில்லை. பதினொரு பேர், 66 டாலர், 33 வரிகள். அந்த வாரம் நான்கு வெள்ளைப் பந்துகள் பொருந்தி 100 டாலரும், சிவப்புப் பந்து மட்டும் பொருந்திய இரண்டு வரிகளுக்கு நான்கு நான்கு டாலரும் விழுந்தன. மொத்தம் 108. அடுத்த வாரம் பன்னிரண்டாவது ஆள் திரும்பி வந்தார். அந்த 108 டாலருக்கும் டிக்கெட் வாங்கி, அதில் ஒன்றுக்கு முதல் பரிசு விழுந்திருந்தால் அதில் அவருக்குப் பங்கு உண்டா? அந்தப் பணம் அவருடையது அல்ல. ஆனால் அந்த வாரப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இரு பக்கமும் நியாயம் பேசலாம். அப்படிப் பேச இடம் இருக்கும் இடத்தில்தான் வக்கீல் நுழைகிறார்.

விதியின்படி நடந்தது இது. பரிசு, வென்ற வாரத்துப் பதினொரு பேருக்கு மட்டுமே சொந்தம். அவர்களுடைய அடுத்த வாரத் தொகை அதிலிருந்து கட்டப்பட்டதாகக் கணக்கு: பதினொரு ஆறு அறுபத்தாறு. பன்னிரண்டாமவர் தன் ஆறு டாலரைக் கையிலிருந்து கொடுத்தார். ஆக 72 டாலர், பன்னிரண்டு சமப் பங்கு, எந்த டிக்கெட்டிலும் கலப்பு இல்லை. மீதி 42 டாலரைப் பதினொரு பேருக்கு வகுத்து, தலைக்கு 3 டாலர் 81 சென்ட் என்று பெயருக்கு நேரே எழுதினார். அதற்கடுத்த வாரம் நாங்கள் 2 டாலர் 19 சென்ட் கொடுத்தால் போதும். வகுத்ததில் மிஞ்சிய ஒன்பது சென்ட்டையும் தனியாகக் குறித்திருந்தார். 200 டாலருக்கு மேல் விழுந்தால் வரவு வைக்காமல் ரொக்கமாகவே பிரித்துக் கொடுப்பதாக விதி.

பெரிய பரிசுக்கான பகுதி சுருக்கமானது. வெற்றி தெரிந்ததும் டிக்கெட் வங்கிப் பெட்டகத்துக்குப் போகும். இரண்டு பேர் கூடப் போவார்கள். முதல் பரிசை ஆண்டுத் தவணைகளாக வாங்குவதா, குறைந்த தொகையை மொத்தமாக வாங்குவதா என்ற தேர்வு உண்டு. மொத்தம்தான் என்று முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். ஏனென்றால் பணத்தைக் கண்ட பிறகு பன்னிரண்டு பேரை ஒரே முடிவுக்குக் கொண்டுவருவது கடினம்.

அதைவிட முக்கியம் வரி. ஒருவர் பெயரில் பரிசை வாங்கிப் பிறகு பிரித்துக் கொடுத்தால், வரித்துறைக் கணக்கில் முழுத் தொகையும் அவருடைய வருமானமாகப் பதிவாகிவிடும். மற்றவர்களுக்குக் கொடுத்தது அன்பளிப்பு போலத் தோன்றும். அது அன்பளிப்பல்ல என்று அவர் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே 5754 என்ற படிவம் இருக்கிறது. பரிசு வாங்கும்போதே பங்காளிகளின் பெயரையும் பங்கையும் அதில் எழுதிக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரிச் சான்று வரும். இரண்டாம் பரிசான 10 லட்சம் டாலர் விழுந்தால், தலைக்கு 83,333. அதில் மத்திய அரசின் 24 சதவீதப் பிடித்தமாக 20,000 போகும். மாநில வரி தனி. இந்தக் கணக்கை அவர் செய்தியிலேயே போட்டுக் காட்டியிருந்தார். படிவத்தில் பங்காளிகளை எழுத ஆதாரம் வேண்டுமே? அந்தத் திங்கள் பட்டியல்தான் ஆதாரம்.

தன் வேலைக்கு அவர் ஒரு சென்ட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனது என்று நினைத்தேன். கேட்டபோது வேறு காரணம் சொன்னார். அமைப்பாளர் கமிஷன் எடுத்தால், நண்பர்கள் சேர்ந்து டிக்கெட் வாங்குவது என்பது போய், சூதாட்டத் தொழில் நடத்துவதாகச் சட்டம் பார்க்க இடமுண்டு. ஆரம்பிக்கும் முன் மனிதவளப் பிரிவிடமும் கேட்டிருக்கிறார். மத்திய அரசு அலுவலகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே பணிநேரத்திலும் அரசு வளாகத்திலும் சூதாட்டத்துக்குத் தடை.

நான் வேறு வேலைக்குப் போனபோது, விலகுவோர் பற்றிய விதி எனக்கே பொருந்தியது. விலகும் நாளுக்கு முன் வாங்கிய டிக்கெட்டுகளில் முழுப் பங்கு உண்டு. பின் வாங்கியவற்றில் இல்லை. கணக்கில் இருக்கும் வரவு திருப்பித் தரப்படும். கடைசி வெள்ளிக்கிழமை அவர் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே என் வரவில் இருந்த ஒரு டாலர் 45 சென்ட். கூடவே ஒரு தாள்: நாளை சனிக்கிழமைக் குலுக்கல் வரை நான் பங்காளி, திங்கள் முதல் இல்லை. இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை இரவு புது வீட்டில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் அவர் செய்தி வந்தது. மூன்று டிக்கெட்டுகளிலும் அன்றைய குலுக்கலுக்கு எதுவும் விழவில்லை. கீழே பன்னிரண்டு பெயர்கள். என் பெயரும் இருந்தது.