விழாக் கைப்பட்டைப் பணமுறை

விழாக் கைப்பட்டைப் பணமுறை என்பது இசை விழா, உணவுத் திருவிழா போன்ற நிகழ்வுகளில் ரொக்கத்துக்குப் பதிலாக, பார்வையாளரின் மணிக்கட்டில் கட்டப்படும் பட்டையின் வழியாகப் பணம் செலுத்தும் முறையாகும். பட்டையில் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பார்வையாளர் முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொண்டு, கடைகளில் உள்ள முனையத்தில் பட்டையைக் காட்டிப் பொருள் வாங்குவார். ஐக்கிய இராச்சியத்தின் பெருவிழாக்களுள் ரொக்கத்தை முற்றிலும் விலக்கிய முதல் விழாவாக 2015 சூன் மாதம் டோனிங்டன் பார்க்கில் நடந்த டவுன்லோடு இசை விழா குறிப்பிடப்படுகிறது. இந்தியாவில் 2023 சனவரியில் மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் நடந்த லொல்லாபலூசா இந்தியா விழாவிலும் கைப்பட்டை வழியே பணம் செலுத்தப்பட்டது.

பட்டை தொலைந்தால் பணம் கிடைக்குமா, மீதித் தொகை எப்போது திரும்பும் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை ஒரே செய்தியைச் சார்ந்துள்ளது. இருப்புத் தொகை எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதே அது.

## இருப்பு எழுதப்படும் இடம்

இம்முறை இரு வகைப்படும். முதல் வகையில் சில்லில் ஒரு தனி எண் மட்டுமே இருக்கும். இருப்புத் தொகை அமைப்பாளரின் வழங்கிக் கணினியில் இருக்கும். ஒவ்வொரு முறையும் முனையம் இணையம் வழியாக வழங்கியைக் கேட்டுத் தொகையைக் கழிக்கும். இணையம் இல்லையெனில் விற்பனையும் இல்லை.

இரண்டாம் வகையில் இருப்புத் தொகை சில்லிலேயே எழுதப்படும். முனையம் தொகையைப் படித்து, விலையைக் கழித்து, புதிய தொகையைச் சில்லில் எழுதும். விற்பனைக் குறிப்பைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, இணைப்புக் கிடைக்கும்போது வழங்கிக்கு அனுப்பும். பல்லாயிரம் பேர் ஒரே திடலில் கூடும்போது கைப்பேசி வலையமைப்பு திணறுவது வழக்கம் என்பதால், பெரிய விழாக்களுக்கு இவ்வகை ஏற்றது.

எந்த வகை என்பதைப் பார்வையாளர் எளிதில் அறியலாம். கடையின் முனையம் காட்டும் இருப்பும் கைப்பேசிச் செயலி காட்டும் இருப்பும் சிறிது நேரம் வேறுபட்டு, பிறகு ஒன்றானால் அது பெரும்பாலும் இரண்டாம் வகையாகும்.

சில்லில் உள்ள தொகையை மட்டும் அமைப்பாளர்கள் நம்புவதில்லை. பரவலாகப் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் சில்லின் மறையீட்டை உடைக்க முடியும் என்பதை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். பழைய இருப்பைப் படியெடுத்து வைத்து, செலவு செய்தபின் மீண்டும் எழுதிவிடும் மோசடிக்கு இது வழிதரும். ஆகவே ஒவ்வொரு விற்பனைக்கும் வரிசை எண் இடப்படுகிறது. ஒரே வரிசை எண் இருமுறை வந்தால் வழங்கி அப்பட்டையை முடக்கும்.

## பட்டை தொலைந்தால்

பட்டையின் எண் பார்வையாளரின் பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றுடன் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்யப்படாத பட்டை ரொக்கத்தைப் போன்றது. அது யாருடையது என்பதற்குச் சான்று இல்லை.

பதிவு இருந்தால், உதவி மையத்தில் உள்ளவர் பழைய எண்ணைத் தடைப்பட்டியலில் சேர்த்துப் புதிய பட்டை தருவார். முதல் வகையில் தடை உடனே நடைமுறைக்கு வரும். இரண்டாம் வகையில், இணைப்பின்றி இயங்கும் முனையத்துக்குப் பட்டியல் சென்று சேரும்வரை பழைய பட்டை அங்குச் செல்லுபடியாகும்.

எடுத்துக்காட்டாக, அரியாங்குப்பத்திலிருந்து சென்னைக்கு விழாக் காணச் சென்ற ஒருவர் யுபிஐ வழியாக 2,000 ரூபாய் ஏற்றுவதாகக் கொள்வோம். அவர் மாலை 5 மணிக்கு 350 ரூபாயும், 6 மணிக்கு 420 ரூபாயும், 6.30க்கு 180 ரூபாயும் செலவிடுகிறார். கடைசிக் கடையின் முனையத்துக்கு அப்போது இணைப்பு இல்லை. 7 மணிக்குப் பட்டை தொலைகிறது, 7.20க்கு முறையிடுகிறார்.

உண்மையான இருப்பு 1,050 ரூபாய். ஆனால் 180 ரூபாய்க் குறிப்பு இன்னும் வராததால் வழங்கி 1,230 ரூபாய் என்றே காட்டும். அத்தொகை முழுவதும் புதிய பட்டையில் ஏற்றப்பட்டு அவர் அதைச் செலவழித்துவிட்டால், பின்னர் 180 ரூபாய் குறையும். இதனால்தான் சில அமைப்பாளர்கள் ஒரு பகுதியை மட்டும் உடனே தந்து, எஞ்சியதை எல்லா முனையங்களின் கணக்கும் வந்தபின் தருகின்றனர்.

இதற்கிடையில், பட்டையைக் கண்டெடுத்தவர் 7.40க்கு அதே கடையில் 250 ரூபாய்க்கு உணவு வாங்கினால், அந்த இழப்பு யாருடையது? முறையீட்டின் நேரம் இங்கே முக்கியமாகிறது. 7.20க்கு முந்திய செலவைப் பொதுவாக உரிமையாளரே ஏற்க நேரிடும். அதற்குப் பிந்தியதை அமைப்பாளர் ஏற்பதே முறை. எனவே முறையிட்ட நேரம் குறிக்கப்பட்ட குறுஞ்செய்தியையோ சீட்டையோ கேட்டுப் பெறுவது அவசியமாகும்.

## மீதித் தொகையைத் திரும்பப் பெறுதல்

எல்லா முனையங்களின் குறிப்புகளும் வந்து சேர்ந்த பின்னரே இறுதி இருப்பு உறுதியாகும். விழா முடிந்த சில நாட்களுக்குப் பிறகே மீதித் தொகைக்கான விண்ணப்பம் திறக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. யுபிஐ அல்லது அட்டை வழியே ஏற்றிய பணம் பெரும்பாலும் வந்த வழியே திரும்பும். ரொக்கமாக ஏற்றியவர் வங்கிக் கணக்கு விவரம் தர வேண்டும். அவ்வாறு ஏற்றியதற்கு வங்கியில் பதிவு இராது என்பதால் சீட்டைப் பாதுகாக்க வேண்டும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் புதிய பட்டையில் 600 ரூபாய் செலவானால், திரும்ப வேண்டிய தொகை 1,050இலிருந்து 600 போக 450 ரூபாயாகும். புதிய பட்டைக்கான கட்டணம், திரும்பப் பெறும் கட்டணம், குறைந்த அளவுத் தொகை ஆகியவற்றை அமைப்பாளர் விதித்திருந்தால் இது மேலும் குறையும். இத்தகைய கட்டணம் செல்லுமா என்பது வழக்காகியும் உள்ளது. எஞ்சிய பணத்தைத் திருப்பித் தர 2.50 யூரோ கட்டணம் விதித்த நிபந்தனை செல்லாது எனச் செருமனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது.

## இந்தியாவில் சட்ட நிலை

இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகத்து 27 அன்று வெளியிட்ட முன்பணக் கருவிகளுக்கான நெறிமுறையின்படி, வெளியிடுபவரிடமே பொருள் வாங்குவதற்கு மட்டும் பயன்படுவதும், பணமாக எடுக்க இயலாததுமான கருவி மூடிய வகையாகும். இதற்கு வங்கியின் ஒப்புதல் தேவையில்லை. பிற வணிகரின் கடைகளுக்கும் பணம் செலுத்தும் கருவி இவ்வகையில் அடங்காது. அதை வெளியிட ஒப்புதல் பெற்ற நிறுவனம் வேண்டும். அந்நெறிமுறை, கடைசியாகப் பணம் ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு செல்லுபடிக் காலத்தையும் வகுத்தது.

ஆகவே பணம் ஏற்றும் முன் நிபந்தனைகளில் பார்க்க வேண்டியது, பட்டையை வெளியிடுபவர் யார் என்பதும் மீதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதும் ஆகும். உரிய தொகை மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். பட்டையின் எண், யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண், பட்டை தொலைந்ததை அறிவித்த நேரம் ஆகிய மூன்றும் அப்போது தேவைப்படும். பட்டையில் அச்சிட்ட எண்ணை, அதைக் கட்டியவுடனேயே படம் பிடித்து வைத்துக்கொள்வது நன்று.