மஹர் எத்தனை பவுன்? மணமகளிடம் கேட்ட பிறகுதான் நிக்காஹ்!

ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது திண்டுக்கல் பேகம்பூர். நிக்காஹ் நாளில் இந்தப் பக்கத்து மண்டபங்களில் சீரகச் சம்பா பிரியாணி வாசம்தான் முதலில் வரவேற்கும். ஆண்கள் பக்கம் மாப்பிள்ளையும் ஹஜ்ரத்தும் பதிவேட்டோடு அமர்ந்திருப்பார்கள். ஆனால், திருமணத்தின் முக்கியமான கேள்வி அங்கே கேட்கப்படுவதில்லை. பெண்கள் கூடியிருக்கும் அறையில், மணமகளிடம் கேட்கப்படுகிறது.

பெண்ணின் அத்தாவோ, பெரியத்தாவோ வக்கீலாக, அதாவது அவள் சார்பில் பேசுபவராக, இரண்டு சாட்சிகளோடு உள்ளே வருவார். ‘‘இன்னாருடைய மகன் இன்னாருக்கு, 5 பவுன் மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமாம்மா?’’ என்று கேட்பார். மணமகள் வெட்கத்தில் மௌனமாக இருந்தாலும் சம்மதமாகக் கொள்ளலாம் என்கிறது மார்க்கச் சட்டம். ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல வைத்து, பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வதே நல்லது. அந்தக் கேள்வியில் மாப்பிள்ளையின் பெயர், மஹரின் அளவு இரண்டுமே இருக்க வேண்டும். ‘‘சம்மதம்தானே?’’ என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு வந்தால், எதற்குச் சம்மதித்தோம் என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்விடும்.

மஹர் யாருடையது?

மஹர் மணமகன் மணமகளுக்குத் தருவது. அவளுக்கு மட்டுமே சொந்தம். அத்தாவுக்கோ மாமியாருக்கோ அதில் பங்கில்லை. பெண் வீட்டில் போட்ட நகை மஹரில் சேராது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கைக்கூலி இதற்கு நேர் எதிரானது.

திண்டுக்கல் ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி வழியில் மஹரின் குறைந்தபட்ச அளவு 10 திர்ஹம், அதாவது சுமார் 30.6 கிராம் வெள்ளி. உச்சவரம்பு இல்லை. மஹரைப் பேசாமலே நிக்காஹ் நடந்துவிட்டாலும் அது செல்லும்; அப்போது அவள் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அளவு அவளுக்கும் உரியதாகிறது.

மஹரைப் பணமாக எழுதுவதா, பவுனாக எழுதுவதா என்பதிலும் கவனம் வேண்டும். 1990-ல் 10,001 ரூபாய்க்கு 3 பவுனுக்கு மேல் வாங்கலாம். இன்று அதே தொகையில் ஒரு கிராம் வாங்குவதே பாடு. பாக்கி வைக்கும் மஹர் என்றால், பவுன் கணக்கில் எழுதுவதுதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு.

குத்பாவும் கபூலும்

வக்கீலும் சாட்சிகளும் திரும்பி வந்ததும் ஹஜ்ரத் குத்பா ஓதுவார். இறைவனைப் புகழ்ந்து தொடங்கி, குர்ஆனின் 3, 4, 33-ம் அத்தியாயங்களிலிருந்து சில வசனங்களை ஓதுவது வழக்கம். இறையச்சத்தோடு வாழுங்கள், நீங்கள் எல்லோரும் ஒரே ஆன்மாவிலிருந்து வந்தவர்கள், நேர்மையான சொல்லையே பேசுங்கள் என்பவை அவற்றின் சாரம். பிறகு தமிழில் கணவன், மனைவி கடமைகளைச் சொல்வார். குத்பா நபிவழி, அது விடுபட்டாலும் நிக்காஹ் செல்லும்.

விடுபடக் கூடாதது அடுத்து வரும் இரண்டு வாக்கியங்கள். ‘‘இன்ன பெண்ணை இத்தனை பவுன் மஹருக்கு உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்’’ என்று பெண் தரப்பில் சொல்லப்படும். ‘‘கபூல் செய்தேன்’’ என்று மாப்பிள்ளை அதே அமர்வில் ஏற்க வேண்டும். இரண்டையும் சாட்சிகள் காதால் கேட்டிருக்க வேண்டும். முஸ்லிம்களில் வயது வந்த இரண்டு ஆண்கள், அல்லது ஓர் ஆணும் இரண்டு பெண்களும் சாட்சியாகலாம். பந்தி பரிமாறப் போய்விட்டு, கடைசியில் வந்து கையெழுத்து மட்டும் போடுபவர் சாட்சியாக மாட்டார்.

ஏட்டில் ஒரு வரி

5 பவுன் மஹரில் 2 பவுன் அன்றே கொடுக்கப்பட்டது, 3 பவுன் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே எழுத வேண்டும். பேச்சோடு பேச்சாக, ‘மஹர் கொடுக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டால் அந்த 24 கிராமுக்கு அத்தாட்சி இல்லாமல் போகும்.

பிற்காலத்தில் கணவர் இறந்துவிட்டால், அந்த 3 பவுன் அவர் விட்டுச்சென்ற கடன். அடக்கச் செலவு போக, வாரிசுகள் சொத்தைப் பிரிப்பதற்கு முன்பே மற்றக் கடன்களோடு அதையும் தீர்க்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால், மிச்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு தனியாக உண்டு. பாக்கி மஹரை அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள முடியாது. நிக்காஹ் முடிந்து, சேர்ந்து வாழும் முன்பே கணவர் தலாக் சொல்லிவிட்டால், பேசிய மஹரில் பாதி அவளுக்கு உண்டு.

ஜமாஅத் ஏட்டோடு வேலை முடிவதில்லை. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி, 90 நாள்களுக்குள் அரசிடமும் பதிய வேண்டும். அதற்கு முன், மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போதே மணமகள் பதிவேட்டை ஒருமுறை வாங்கி, தன் பெயருக்கு எதிரே இருக்கும் மஹர் வரியைப் படித்துப் பார்த்து, ஒரு நகலையும் கையில் வாங்கிக்கொள்வது நல்லது.