ஏல நோட்டீஸை அத்தைக்குக் குரலில் சொல்வது

நெடுங்காட்டில் சம்பா செலவுக்கு நகையை வங்கியில் வைப்பது புதிதல்ல. தவணை தவறினால் ஏல நோட்டீஸ் வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஓர் அத்தை அதைப் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் அண்ணன் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் மகன் அதை அப்படியே வாசித்து அனுப்பினால் பயன் இல்லை. இப்படிப் பேசலாம்:

“அத்தே, பயப்படாதீங்க, நகை இன்னும் ஏலத்துக்குப் போகல. ரெண்டு சவரன் சங்கிலிக்கு அசலும் வட்டியுமா எழுபத்தோராயிரம் கட்டணுமாம். ஆடி அமாவாசை கழிச்சு வர்ற மொத புதன்கிழமை ஏலம். அதுக்கு முன்னாடி கட்டுனா திருப்பிடலாம். அமாவாசைக்கு முந்தியே நகைச் சீட்டும் ஆதாரும் எடுத்துக்கிட்டு பேங்குக்குப் போங்க. முழுசா முடியாட்டி, வட்டிய மட்டும் கட்டி மாத்தி வைக்க விடுவீங்களான்னு கேளுங்க. எவ்வளவு, எந்த நாள்னு எனக்குத் திரும்பச் சொல்லி அனுப்புங்க.”

இதில் “நாளைக்கு” என்ற சொல்லே இல்லை. குரல் செய்தியை அத்தை இரண்டு நாள் கழித்தும் கேட்கலாம். அப்போது அந்த “நாளை” வேறு நாளாகிவிடும். பயம் போக்குகிறேன் என்று ஏல நாளை மழுப்பவும் கூடாது. அவர் திரும்பச் சொல்லும்போது தொகையோ நாளோ மாறினால், அதை மட்டும் மறுபடி பேசி அனுப்புங்கள். ஒலிபெருக்கியில் தெருவே கேட்கக்கூடும் என்பதால் கணக்கு எண் வேண்டாம். பணம் கட்டச் சொல்லி எந்தக் கைபேசி எண்ணையும் சொல்லாதீர்கள். மோசடிக்காரர்கள் சொல்வதும் அதுதான். பணத்தைக் கிளையில் கட்டட்டும், ரசீது வாங்கட்டும்.

உரிமைகளைத் தனிச் செய்தியாகப் பேசுங்கள். ஒன்றாகக் கொட்டினால் ஏல நாள் காதில் நிற்காது. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளை வங்கிகளும் நகைக்கடன் நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். அதன்படி, படிக்கத் தெரியாதவருக்கு முக்கிய நிபந்தனைகளை, அந்த நிறுவன ஊழியர் அல்லாத ஒரு சாட்சி முன்னால் விளக்க வேண்டும். ஏலத்தின் குறைந்தபட்ச விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதம். இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85 சதவீதம். கடன் போக மிஞ்சிய பணம், ஏலத் தொகை முழுதும் வந்த 7 வேலை நாட்களுக்குள் கடன் வாங்கியவருக்குத் திரும்ப வேண்டும். இதை அத்தைக்குச் சொல்லாவிட்டால் நகையோடு அந்தப் பணத்தையும் மறந்துவிடுவார்.

பழைய கடனுக்குப் பழைய விதிகள்தான் பொருந்தும். எது என்று கிளையில் கேளுங்கள். தனியார் அடகுக்கடைக்கு இவை பொருந்தா.

விதி மீறப்பட்டால், புகாரை முதலில் கிளையில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கு 15100.