உறையாத இரத்தம்

பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்கவில்லை. அறிக்கையில் ஃபைப்ரினோஜன், டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராம். மற்றவர்களுக்கு இது கீழ் எல்லையை ஒட்டிய அளவு, பதற்றம் வராது. ஆனால் நிறைமாதத்தில் 400 முதல் 600 வரை இருந்திருக்கும். பாதிக்கு மேல் போய்விட்டது என்பதே இதன் பொருள்.

இழைகளாகப் பின்னி இரத்தக்கட்டியை இறுக்கும் புரதம் இது. பெருக்கின்போது முதலில் தீர்வதும் இதுவே; சலைனும் சிவப்பணுவும் மட்டும் ஏற்றினால் மிச்சமும் நீர்த்துப்போகும். விபத்துக் காயத்திலும் இதே கதைதான்.

அறிக்கைக்குக் காத்திருக்கையில், கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 7 நிமிடமாகியும் உறையவில்லையா? கிரையோபிரெசிபிடேட்டை உடனே கேட்க வேண்டும். உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருக்கும்போது படியும் வண்டல் அது. குறைந்த அளவிலேயே ஃபைப்ரினோஜன் செறிந்திருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமாகப் பத்துப் பைகள். உருக்கித் தர நேரமாகும் என்பதால், கேட்பதில் தாமதம் கூடாது.